வாழைக்கு இன்று எத்தனை லிட்டர்? வயதைப் பார்த்தால் போதாது, வானத்தையும் பார்க்க வேண்டும்

எங்கள் பக்கத்தில் டிரிப் போட்ட வாழைத் தோட்டங்களில், மோட்டார் கொட்டகைச் சுவரில் மூன்று எண்கள் சாக்பீஸால் எழுதியிருக்கும்: 15, 20, 25. நட்டதிலிருந்து நாலு மாதம் வரை மரத்துக்குத் தினம் 15 லிட்டர், ஐந்தாம் மாதத்திலிருந்து குலை தள்ளும் வரை 20, அதன் பிறகு அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்பு வரை 25. தமிழ்நாட்டில் வாழைக்குப் பரவலாகச் சொல்லப்படும் பரிந்துரை இதுதான். தப்பான அட்டவணை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தெரிந்தது மரத்தின் வயது மட்டும்தான். வெளியே சித்திரை வெயிலா, கார்த்திகை மூட்டமா என்பது அதற்குத் தெரியாது.

இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு டிசம்பர் மாதம். ஜூலையில் நட்ட ஜி9 ரக வாழைக் கன்றுகள், ஐந்தரை மாத வயது. அட்டவணைப்படி தினம் 20 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்தன. தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவைக் கூட்டினேன், மாறவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்து, மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி இரண்டடி ஆழம் தோண்டினார். கீழே சேறு. வேர்கள் கறுத்துப் போயிருந்தன. “எருவையெல்லாம் கீழே அனுப்பிட்டு மேல எரு போடறியே தம்பி” என்றார். அவர் சொன்னது சரிதான். அன்று அந்த மரத்துக்குத் தேவைப்பட்டது சுமார் 10 லிட்டர். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

செடி குடிக்கும் தண்ணீரில் மிகச் சிறிய பங்குதான் அதன் உடம்பில் தங்குகிறது. மற்றதெல்லாம் இலை வழியாக ஆவியாகப் போகிறது, மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் கொஞ்சம் ஆவியாகிறது. இரண்டையும் சேர்த்து ஆவிப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். இதை மழையைப் போல மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது சரியாக ஒரு லிட்டர். இந்த ஒரு சமன் கையில் இருந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

ஒரு நாளின் ஆவிப்போக்கை இரண்டு எண்களின் பெருக்கமாகப் பிரிக்கிறார்கள். முதல் எண் வானத்தினுடையது. நன்றாகத் தண்ணீர் கட்டிய, தரையை மூடிய குட்டைப் புல்வெளி ஒன்று அன்றைக்கு இங்கே இருந்தால் அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் போகும் என்பது அது. ET0 என்று எழுதுவார்கள். இரண்டாவது எண் பயிரினுடையது. அந்தப் புல்லைவிட நம் வாழை எத்தனை மடங்கு குடிக்கிறது என்பதைச் சொல்லும் பயிர்க் குணகம் அது. Kc என்று எழுதுவார்கள். 1998-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட 56-ஆம் கையேடு நடவு வாழைக்கு ஆரம்பத்தில் 0.5, தழை முழுதாக மூடியபின் 1.1, கடைசியில் 1.0 என்று கொடுக்கிறது. தாய் மரத்தை வெட்டியபின் அதன் பக்கக் கன்றிலிருந்து வரும் மறுதாம்புக்கு ஆரம்பத்திலேயே 1.0, நடுவில் 1.2.

வானத்தின் எண்ணை எங்கிருந்து எடுப்பது? முறையான சூத்திரத்துக்கு வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், சூரிய ஒளி நாலும் வேண்டும். அதற்கான வானிலை நிலையம் தோட்டத்துக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் இருக்காது. அந்த நாளின் அதிக வெப்பமும் குறைந்த வெப்பமும் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற ஒரு வழி உண்டு. ஹார்கிரீவ்ஸ் சூத்திரம் என்று பெயர்:

```
ET0 = 0.0023 × Ra × (Tmean + 17.8) × √(Tmax − Tmin)
```

Tmax, Tmin இரண்டும் அந்த நாளின் அதிக, குறைந்த வெப்பம். Tmean இரண்டின் சராசரி. Ra என்பது வளிமண்டலத்துக்கு வெளியே விழும் சூரிய சக்தி, மில்லிமீட்டராக மாற்றியது. இது அட்சரேகையையும் தேதியையும் மட்டுமே பொறுத்தது, வருஷத்துக்கு வருஷம் மாறாது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருப்பதால் ஒரே எண்களை வைத்துக்கொள்ளலாம்: ஏப்ரல் நடுவில் 15.5, ஜூலையில் 15.3, அக்டோபரில் 14.1, டிசம்பரில் 12.2.

போட்டுப் பார்ப்போம். ஏப்ரலில் பகல் 37 பாகை, விடியற்காலை 24. சராசரி 30.5. சூத்திரம் 6.2 மி.மீ. என்கிறது. டிசம்பரில் பகல் 28, விடியலில் 18 என்றால் 3.6 மி.மீ. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு வெப்பம் இன்னும் குறைவாக இருக்கும், அதனால் எண்ணும் இறங்கும். காரிமங்கலத்துக் கணக்கை ஓசூரில் போடக்கூடாது.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: அதற்குக் காற்று தெரியாது. ஆடி மாதம் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும் காற்றில் உண்மையான ஆவிப்போக்கு சூத்திரம் சொல்வதைவிட மேலே போகும். காற்று நின்று, ஈரப்பதம் கூடி, புழுக்கமாக இருக்கும் நாட்களில் சூத்திரம் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். அதனால் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு அன்றன்றைக்கு வால்வைத் திருப்புவதில் அர்த்தமில்லை. ஒரு வாரத்துச் சராசரியை எடுத்து அடுத்த வாரம் முழுக்க ஓட்டுவேன். பலத்த காற்றுள்ள வாரங்களில் பத்து சதவீதம் கூட்டிக்கொள்வேன்; இது சூத்திரம் சொன்னதல்ல, என் கை அளவு.

சரி, பயிரின் எண். கையேட்டில் முதல் 120 நாள் 0.5, அடுத்த 90 நாளில் படிப்படியாக ஏறி 1.1, பிறகு 120 நாள் அங்கேயே நிற்கும், கடைசி 60 நாளில் இறங்கும். மொத்தம் 390 நாள். அந்த நாள் கணக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் மார்ச்சில் நட்ட வாழைக்கானது. நம் ஊரில் திசு வளர்ப்பு ஜி9 பதினொன்று, பன்னிரண்டு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். அதனால் நாட்களை எண்ணுவதைவிட நிழலை அளப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. நடுப்பகலில் இரண்டு வரிசைக்கு நடுவே டேப்பை விரித்து, அதில் எத்தனை அடி நிழலில் இருக்கிறது என்று பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் 0.5. முக்கால் பங்கை நெருங்கினால் 1.1. பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 0.8. இடைப்பட்டதை இடைப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் கொஞ்சம் நீளமாகக் காட்டும், அதை மனதில் குறைத்துக்கொள்ளுங்கள்.

0.5 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் கன்றின் இலை அவ்வளவு குடிக்காது. அந்த 0.5-இல் பெரும்பகுதி, ஈரமான வெறும் மண்ணிலிருந்து ஆவியாவதுதான். டிரிப்பில் நிலம் முழுக்க நனைவதில்லை, கன்றைச் சுற்றி மட்டும் நனைகிறது. அதனால் முதல் இரண்டு மாதத்தில் 0.5 கூடக் கொஞ்சம் தாராளம்தான். அந்த வயதில் தண்ணீர் எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பது முக்கியம். கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி டிரிப்பர் இருந்தால், 15 லிட்டர் விட்டாலும் வேருக்குப் போய்ச் சேராது.

இப்போது என் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர், 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளி, ஏறத்தாழ 1,200 மரம். ஒரு மரத்தின் பங்கு 3.24 சதுர மீட்டர். மரத்துக்கு இரண்டு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். ஆக 8 லிட்டர். குழாயில் போகும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு வேருக்குப் பயன்படுகிறது என்று வைத்து 0.9-ஆல் வகுக்கிறேன்.

```
லிட்டர் = ET0 × Kc × 3.24 ÷ 0.9
```

ஜூலை 1-இல் நட்டது. டிசம்பர் நடுவில் 3.6 × 0.8 = 2.9 மி.மீ. மரத்துக்கு 10.4 லிட்டர், அதாவது 1 மணி 18 நிமிடம். அட்டவணை 20 என்கிறது. ஏக்கருக்குத் தினம் பதினோராயிரம் லிட்டருக்கு மேல் வீணாகக் கீழே இறங்கியது அந்த வித்தியாசத்தில்தான். அதே தோட்டம் ஏப்ரல் நடுவில் தாரோடு நிற்கும்போது 6.2 × 1.1 = 6.8 மி.மீ. மரத்துக்கு 24.5 லிட்டர். அட்டவணை 25 என்கிறது. இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது!

நடவைத் தள்ளிப் பாருங்கள். ஜனவரி 1-இல் நட்டிருந்தால் ஏப்ரல் வெயிலில் கன்றுக்கு Kc 0.5 தான், 11 லிட்டர் போதும். தார் பருக்கும் காலம் அக்டோபரில் வரும். அப்போது பகல் 31, இரவு 22 என்றால் ET0 4.3 மி.மீ.; 1.1-ஆல் பெருக்கினால் மரத்துக்கு 17 லிட்டர். அட்டவணையின் 25-க்கும் இதற்கும் எட்டு லிட்டர் வித்தியாசம். அதுவும் அக்டோபர் மழையைக் கழிக்காமல். போர் தண்ணீர் கோடையில் குறைந்துவிடும் தோட்டத்தில், எந்த மாதம் நடுவது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வாழை அதிகம் குடிக்கும் மாதமும் வானம் அதிகம் உறிஞ்சும் மாதமும் ஒன்றாக விழுந்தால் போர் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். சந்தை விலை வேறு கணக்கு, அதற்குள் நான் போகவில்லை.

என் போர் மணிக்கு 5,000 லிட்டர்தான் தரும். 1,200 மரத்தையும் ஒரே நேரத்தில் ஓட்ட 9,600 வேண்டும். அதனால் தோட்டத்தை இரண்டு வால்வாகப் பிரித்திருக்கிறேன். ஏப்ரலில் ஒவ்வொரு வால்வும் மூன்று மணி நேரத்துக்கு மேல், மொத்தம் ஆறு மணி நேரம். மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் இது நடக்கும். முடிந்தால் ஒவ்வொரு வால்வையும் ஒன்றரை மணி நேரமாக இரண்டு தடவை திறப்பது நல்லது. மணல் கலந்த செம்மண்ணில் 24 லிட்டரை ஒரே மூச்சில் விட்டால் ஒரு பங்கு வேரைத் தாண்டிக் கீழே போய்விடும்.

எத்தனை லிட்டர் என்பது பாதிக் கணக்குதான். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது மீதிப் பாதி, அதை மண்தான் சொல்லும். எங்கள் செம்மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 110 மி.மீ. தண்ணீரைச் செடிக்காகப் பிடித்து வைக்கும் என்று கொள்ளலாம். வாழையின் பெரும்பாலான வேர்கள் மேல் ஒன்றரை அடியில் இருப்பதால் 50 மி.மீ. அந்த ஐம்பதில் 35 சதவீதம் தீர்ந்ததும் வாழை வாட ஆரம்பிக்கும். இந்த விஷயத்தில் அது ரொம்பச் சொகுசான பயிர். ஆக, தைரியமாகத் தீர விடக்கூடியது 17 மி.மீ. ஆனால் டிரிப்பில் நிலத்தின் எல்லாப் பகுதியும் நனைவதில்லையே? பத்தில் நாலு பங்கு நனைகிறது என்றால் கையில் இருப்பது 7 மி.மீ. மட்டும்.

ஏப்ரலில் ஒரு நாளைக்கு 6.8 மி.மீ. போகிறது. அதாவது கையிருப்பு சரியாக ஒரு நாளைக்குத்தான். மோட்டார் காயில் எரிந்து இரண்டு நாள் கிடந்தால், பிறகு எவ்வளவு சேர்த்து விட்டாலும் அந்த இரண்டு நாளில் தார் இழந்ததைத் திரும்பக் கொடுக்க முடியாது. டிசம்பரில் 2.9 மி.மீ. தான், எனவே இரண்டு நாளுக்கு ஒரு முறை 21 லிட்டராக விட்டாலும் ஒன்றும் ஆகாது. கரிசல் மண் கூடுதலாகப் பிடித்து வைக்கும், ஈரமும் பக்கவாட்டில் பரவும். அங்கே ஏப்ரலில்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாங்கும்.

மழையைக் கழிப்பதும் இதே கையிருப்பை வைத்துத்தான். 5 மி.மீ.க்குக் கீழே பெய்தால் நான் கணக்கில் எடுப்பதில்லை. அது இலையிலும் சருகிலும் நின்றுவிடும். 20 மி.மீ. பெய்தால் நிலம் முழுக்க நனையும், ஆனால் டிரிப்பில் வளர்ந்த வாழையின் வேர் நனைந்த வட்டத்துக்குள்தான் அடர்த்தியாக இருக்கும். அதனால் பாதி, 10 மி.மீ. என்று வைத்து, டிசம்பரில் மூன்று நாள் மோட்டாரை நிறுத்துகிறேன். நாலாம் நாள் தோண்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவேன். 80 மி.மீ. கொட்டினாலும் எண்பதையும் கழிக்கக்கூடாது. மண் பிடிக்கும் அளவுக்கு மேல் வந்தது ஓடையில் போய்விட்டது.

கோடைக்குப் பிறகு வரும் முதல் சின்ன மழைக்கு மட்டும் என் வழக்கம் தலைகீழ். எங்கள் போர் தண்ணீர் உப்பு கலந்தது. மாதக்கணக்கில் டிரிப் ஓடும்போது உப்பெல்லாம் ஈர வட்டத்தின் ஓரத்தில் போய் வெள்ளை வளையமாகப் படியும். சின்ன மழை அந்த வளையத்தைக் கரைத்து வேருக்குள்ளே இழுத்து வந்துவிடும். மழை பெய்கிறதே என்று நிறுத்தாமல், அன்றைக்கு டிரிப்பை ஓடவிட்டால் உப்பு வெளிப்பக்கமாகவே நிற்கும்.

இவ்வளவு கணக்கும் டிரிப்பர் சொன்னபடி விடுகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கையை வருஷத்துக்கு இரண்டு முறையாவது சோதிக்க வேண்டும். 4 லிட்டர் டிரிப்பர் ஆறு நிமிடத்தில் 400 மில்லி தர வேண்டும். வால்வுக்குப் பக்கத்தில், நடுவில், கடைக்கோடியில், மேட்டில், பள்ளத்தில் என்று இருபது டிரிப்பருக்குக் கீழே பாட்டிலை வெட்டி வைத்து, ஆறு நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். போன பங்குனியில் எனக்கு இருபதின் சராசரி 340 மில்லி. மிகக் குறைவாக விட்ட ஐந்தின் சராசரி 240. அதாவது நான் 24 லிட்டர் என்று நினைத்து ஓட்டிய மூன்று மணி நேரத்தில் கடைக்கோடி மரங்களுக்குக் கிடைத்தது சுமார் பதினாலரை லிட்டர். நேரத்தைக் கூட்டினால் அவை பிழைக்கும், வால்வுக்குப் பக்கத்து மரங்கள் சேற்றில் நிற்கும். சுண்ணாம்பு அடைத்திருந்தது. ஆசிட் விட்டு, லேட்டரல் குழாய்களின் முனைகளைத் திறந்து கழுவிய பிறகு சராசரி 380-க்கு வந்தது. கணக்கில் தசமப் புள்ளியைத் துரத்துவதற்கு முன் இந்தப் பாட்டில் சோதனையைச் செய்வது நல்லது, ஏனென்றால் பெரிய பிழை பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கணக்கு சரியா என்று மரத்தையும் மண்ணையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாழை இலை நடுப்பகலில் நடுநரம்பின் இருபுறமும் மடிந்து தொங்குவதைப் பார்த்துப் பலர் மோட்டாரைப் போட ஓடுவார்கள். நல்ல ஈரத்தில் நிற்கும் வாழையும் உச்சி வெயிலில் அப்படித்தான் மடிக்கும். காலை ஒன்பது மணிக்கே மடிந்திருந்தால்தான் பஞ்சம். குலை தள்ளுவதற்கு முன்பு என்றால் இன்னொரு அடையாளம் உண்டு. வெதுவெதுப்பான மாதங்களில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு புது இலை விரிய வேண்டும். பத்து மரத்தில் கடைசி இலைக்குப் பெயின்ட் புள்ளி வைத்து எண்ணிவந்தால், தண்ணீர் குறையும்போது கண்ணுக்கு வாட்டம் தெரியும் முன்பே இலை தாமதமாகும். தண்ணீர் மிகுவதை இலையில் கண்டுபிடிப்பது கடினம். நான் ஏமாந்தது போல அது சத்துக் குறைவாக வேஷம் போடும். அதற்குக் கடப்பாரைதான். இல்லையென்றால் மண் காயக் காய எண் கூடிக் காட்டும் டென்சியோமீட்டர் இரண்டு வாங்கி, ஒரு அடியில் ஒன்றும் இரண்டடியில் ஒன்றும் நடலாம். மேலே இருப்பது 20-இலிருந்து 30 சென்டிபாருக்குள் வரும்போது தண்ணீர் விட வேண்டும். கீழே இருப்பது எப்போதும் 10-க்குக் கீழேயே நின்றால் தண்ணீர் வேரைத் தாண்டிப் போகிறது என்று பொருள். அப்போது Kc-ஐ 0.1 குறைத்து இரண்டு வாரம் பார்ப்பேன்.

ஜூனில் தார் வெட்டினேன், பக்கக் கன்று மறுதாம்பாக நின்றது. முதல் வருஷம் ஜூலையில் நட்ட கன்றுக்கு ET0 5.1, Kc 0.5, மரத்துக்கு 9.2 லிட்டர். இந்த ஜூலையிலும் பகல் 33, இரவு 23, அதே 5.1 தான். மாமா சுவரைப் பார்த்துவிட்டு, “கன்னுதானே தம்பி, மறுபடி கொஞ்சமா ஆரம்பி” என்றார். ஆனால் இந்தக் கன்று தாய் மரத்து நிழலிலேயே ஆளுயரம் வளர்ந்துவிட்டது, தோட்டமும் பாதிக்கு மேல் நிழலில்தான் கிடக்கிறது. மறுதாம்பின் Kc தொடக்கத்திலேயே 1.0. சுவரில் 18.4 என்று எழுதினேன்.